போடில கெட்டியா உறையுற தயிர் மலை மேல ஏன் தண்ணியா நிக்குது

கேள்வி: எங்க அம்மா வீடு போடிநாயக்கனூர். அங்க ராத்திரி உறை ஊத்தி வெச்சா காலைல தட்ட சாய்ச்சாலும் அசையாம நிக்கும் தயிர். கல்யாணம் ஆகி சூரியநெல்லி வந்துட்டேன், அம்மா வீட்டு உறை மோரையே கொண்டு வந்து தான் ஊத்துறேன். சித்திரை வைகாசில நல்லா வருது, மார்கழி தைல தண்ணியா கெடக்கு, சில நாள் கரண்டில எடுத்தா நூல் நூலா இழுக்குது. பக்கத்து லயத்துக்காரங்க பால்ல தண்ணி கலக்குறாங்கன்னு சொல்றாங்க, அதுவா காரணம்?

பதில்:

பால்காரர விட்டுடுங்க, பாவம். மாட்டுப்பால் குளிர் காலத்துல பொதுவா கொஞ்சம் கொழுப்பு கூடி தான் இருக்கும், வெயில் காலத்துல தான் குறையும். பால் தான் காரணம்னா மார்கழில தயிர் இன்னும் கெட்டியா வரணும், உங்களுக்கு நேர் எதிரா நடக்குது பாருங்க. நான் பால் குளிர்விக்கிற சென்டர்ல லேப்ல வேலை பார்த்தவன், இந்த கேள்வி கீழ இருந்து மலைக்கு வாக்கப்பட்டு போன எல்லாரும் கேக்குறது தான். விஷயம் என்னன்னா உறை ஊத்துன முதல் அஞ்சாறு மணி நேரம் பாத்திரத்துக்குள்ள பால் எத்தன டிகிரில இருக்குங்குறது தான், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

முதல்ல தயிர் எப்படி கெட்டியாகுதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன், அது புரிஞ்சா மீதி தானா புரியும். உறை மோர்ல இருக்குற பாக்டீரியா பால்ல இருக்குற சர்க்கரைய, அதாவது லாக்டோஸ, தின்னு லாக்டிக் ஆசிட் ஆக்குது. புளிப்ப அளக்குற எண்ணு தான் பிஹெச், புளிப்பு கூடுனா அது எறங்கும். பச்சப் பாலோட பிஹெச் சுமார் 6.6 இருக்கும், ஆசிட் சேர சேர அது எறங்கி 4.6 பக்கம் வரும். பால்ல கேசீன்னு ஒரு புரோட்டீன் சின்ன சின்ன உருண்டையா மெதந்துட்டு இருக்கு, அந்த உருண்டைக்கு மேல மைனஸ் சார்ஜ் இருக்குறதால ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும், அதனால தான் பால் பாலாவே இருக்கு. ஆசிட் சேந்ததும் அந்த சார்ஜ் போயிடுது, தள்ளுறதுக்கு ஒண்ணும் இல்லாம உருண்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பாத்திரம் முழுக்க ஒரு வலையா பின்னிக்குது, தண்ணியும் கொழுப்பும் அந்த வலைக்குள்ள மாட்டிக்குது. அது தான் தயிர். காய்ச்சுன பால்ல பிஹெச் 5.3 வாக்குலயே வலை பின்ன ஆரம்பிச்சுடும், ஆனா தட்ட சாய்ச்சாலும் நிக்குற அளவுக்கு வரணும்னா 4.6 கிட்ட போயாகணும்.

ஆக கேள்வி என்ன, காலைக்குள்ள பிஹெச் அங்க போய் சேருதா இல்லையாங்குறது தான். இதுக்கு ஒரு சின்ன கணக்கு போடலாம். அரை லிட்டர் பாலுக்கு நீங்க ஒரு டீஸ்பூன் உறை ஊத்துறீங்கன்னு வைங்க, அது 5 மில்லி, பால்ல நூத்துல ஒரு பங்கு. அந்த பாக்டீரியா பெருகி பால் முழுக்க உறை மோர்ல இருந்த அளவுக்கு வரணும்னா நூறு மடங்கு ஆகணும். ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி போனா ஆறு ஏழு தடவ ரெட்டிச்சா நூறு மடங்கு வந்துடும். வீட்டு உறைல இருக்குற பாக்டீரியாவுக்கு 30 டிகிரி மேல ஒரு தடவ ரெட்டிக்க தோராயமா ஒரு மணி நேரம், சிலதுக்கு அதுக்கும் கம்மி. ராத்திரி ஒம்போது மணிக்கு ஊத்துனா விடியக்காலம் மூணு நாலுக்கெல்லாம் வேலை முடிஞ்சது, போடில உங்க அம்மா தூங்கி எழும்போது தயிர் ரெடி. அதே பாக்டீரியாவ 15 டிகிரில வெச்சா ஒரு தடவ ரெட்டிக்கவே பல மணி நேரம் எடுத்துக்கும், 10 டிகிரிக்கு கீழ போனா கிட்டத்தட்ட தூங்கிடும். சாகல, தூங்குது அவ்ளோ தான், இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவப்படும்.

இப்ப நீங்க கேக்கலாம், நான் வெதுவெதுப்பான பால்ல தானே ஊத்துறேன், அப்புறம் எப்படி 15 டிகிரின்னு. அங்க தான் எல்லாரும் ஏமாறுறது. தொட்டுப் பாத்தப்ப சூடு சரியா தான் இருந்திருக்கும், ஆனா அது எவ்ளோ நேரம் நிக்கும்? அரை லிட்டர் பால் ஒரு சாதாரண ஸ்டீல் பாத்திரத்துல மூடி போட்டு மேடை மேல இருக்குன்னா, பாலுக்கும் அறைக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் ஏறக்குறைய ஒன்ற மணி நேரத்துல மூணுல ஒரு பங்குக்கு வந்துடும். போடில மே மாசம் ராத்திரி அடுப்படி 30 டிகிரின்னு வைங்க, 42ல ஊத்துன பால் ஒன்ற மணி நேரத்துல 34க்கு வரும், அப்புறம் 30 பக்கம் போய் நின்னுடும், அதுக்கு கீழ எறங்கவே முடியாது ஏன்னா அறையே 30. சூரியநெல்லில தை மாசம் ராத்திரி அடுப்படி 14 டிகிரி. அதே 42, ஒன்ற மணி நேரத்துல 24 ஆயிடும், மூணு மணி நேரத்துல 18. ஒம்போது மணிக்கு ஊத்துனது பன்னெண்டு மணிக்கு 18 டிகிரில ஒக்காந்துருக்கு, அதுக்கப்புறம் விடிய விடிய ஆறு மணி நேரம் அது சும்மா தான் இருக்கு. ஆறேழு தடவ ரெட்டிக்க வேண்டியது ரெண்டு மூணோட நின்னு போச்சு, காலைல பிஹெச் 5.5க்கு மேல தான் நிக்கும். நீங்க பாக்குறது தயிரே இல்ல, லேசா புளிச்ச பால்.

இதுல இன்னொன்னும் கவனிங்க. ரெண்டு லிட்டர், மூணு லிட்டர் ஊத்துறவங்க வீட்டுல அதே குளிர்லயும் ஓரளவு உறையும், ஏன்னா பெரிய பாத்திரத்துல பால் அளவு கூடுற வேகத்துக்கு வெளி பரப்பு கூடுறதில்ல, சூடு மெதுவா தான் போகும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கு கால் லிட்டர் ஊத்துற புது குடித்தனம் தான் இதுல ரொம்ப மாட்டுறது. மாமியார் வீட்டுல நல்லா உறைஞ்சதே தனிக்குடித்தனம் வந்ததும் கை ராசி போச்சான்னு கேட்டவங்களும் உண்டு, கை ராசியும் இல்ல ஒண்ணும் இல்ல, பாத்திரம் சின்னதாயிடுச்சு.

குளிரால ஆசிட் கம்மியாகுறது ஒரு பக்கம், அதோட முடியல. கேசீன் உருண்டைங்க ஒட்டிக்கிறதுக்கே சூடு வேணும். அதுங்கள சேத்து பிடிக்கிற பிடிப்பு குளிர்ல தளர்ந்து போயிடும். லேப்ல இத செஞ்சு காட்டலாம், பால ஐஸ் தண்ணிக்குள்ள வெச்சு 2, 3 டிகிரிக்கு கொண்டு போய் மெதுவா ஆசிட் விட்டு பிஹெச் 4.6க்கு எறக்குனா கூட பால் திரியாது, உறையாது, தண்ணியா அப்படியே இருக்கும். அந்த பாத்திரத்த ஆட்டாம அசைக்காம சூடு பண்ணுனா கண்ணு முன்னாடி கெட்டியாகும். உங்க அடுப்படி அவ்ளோ குளிர் இல்ல தான், ஆனா 14, 15 டிகிரில பின்னுற வலை தளர்வா தான் இருக்கும், கரண்டி பட்டதும் ஒடஞ்சு தண்ணியாயிடும். காலைல வாய்ல வெச்சா கொஞ்சம் புளிப்பு இருக்கு ஆனா கெட்டி இல்லன்னு சிலர் சொல்றதுல இதுக்கும் ஒரு பங்கு உண்டு.

அதுக்காக சூடு கூட கூட தயிர் நல்லா வரும்னு எடுத்துக்காதீங்க. 42, 43 டிகிரிலயே கடைசி வரைக்கும் வெச்சா நாலு மணி நேரத்துல உறைஞ்சிடும், ஆனா வலை அவசரத்துல முரட்டுத்தனமா பின்னும், ஓட்டை பெருசா இருக்கும், வெட்டி எடுத்த எடத்துல பச்சத் தண்ணி நிக்கும், புளிப்பும் தூக்கலா இருக்கும். 30 பக்கத்துல ஏழெட்டு மணி நேரம் மெதுவா உறையுறது தான் வழுவழுன்னு கெட்டியா தண்ணி விடாம வரும். போடில மே மாசம் உங்க அம்மாவுக்கு இது எந்த சிரமமும் இல்லாம கெடச்சது, ராத்திரி அறையே அவங்களுக்கு அந்த வேலைய செஞ்சு குடுத்துச்சு. நீங்க செய்ய வேண்டியது அந்த போடி ராத்திரிய ஒரு பெட்டிக்குள்ள உண்டாக்குறது தான்.

சரி எப்படின்னு சொல்றேன், அரை லிட்டருக்கு. பால் பொங்கி வந்ததும் அடுப்ப அணைக்கிற பழக்கம் இருந்தா அத மாத்துங்க. பொங்கி வந்தப்புறம் தீய கொறச்சு கிண்டிக்கிட்டே அஞ்சுல இருந்து பத்து நிமிஷம் வெச்சிருங்க. பால்ல கேசீன் இல்லாம வே புரோட்டீன்னு இன்னொரு வகை இருக்கு, பச்சப் பால்ல அது சும்மா தண்ணியோட தண்ணியா கெடக்கும், 85, 90 டிகிரில கொஞ்ச நேரம் நின்னா தான் அது விரிஞ்சு கேசீன் மேல போய் ஒட்டும், வலைக்கு அது கூடுதல் பலம், தண்ணியவும் நல்லா பிடிச்சு வைக்கும். உங்க ஊரு உசரத்துல தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிக்கும், அதுவே தாராளமா போதும், ஆனா நேரம் குடுக்கணும். இப்படி வத்த காய்ச்சுறதுல கொஞ்சம் தண்ணியும் ஆவியாகி பால் திக்காகும், அதுவும் லாபம். பாக்கெட் பால் ஏற்கனவே பாஸ்சுரைஸ் பண்ணது தானே சும்மா சூடு பண்ணா போதாதான்னு கேப்பாங்க, கிருமி சாக அது போதும், தயிர் கெட்டியாக போதாது. பாக்கெட்ல டோன்ட் பால் வாங்குனா கொழுப்பு 3 சதவீதம் தான், மார்கழிக்கு மட்டுமாவது 4.5 சதவீதம் உள்ள ஸ்டாண்டர்டைஸ்டு பாலோ 6 சதவீதம் உள்ள ஃபுல் க்ரீமோ எடுங்க, வித்தியாசம் தெரியும்.

காய்ச்சுன பால் ஆறி 42 டிகிரி வரும்போது ஊத்தணும். தெர்மாமீட்டர் இருந்தா நல்லது, இல்லன்னா சுத்தமான சுண்டுவிரல விட்டு பாருங்க, உடம்பு சூடு 37, அத விட லேசா சூடு தெரியணும், ஆனா விரல எடுக்கணும்னு தோணக்கூடாது. எடுக்கணும்னு தோணுச்சுன்னா 48, 50 இருக்கும், அதுல ஊத்துனா வீட்டு உறைல இருக்குற பாக்டீரியா அடி வாங்கும். வெயில் காலத்துல 38 போதும், மலைல எப்படியும் எறங்கப் போகுதுங்குறதால 42. ஃப்ரிட்ஜ்ல இருந்து உறை மோர எடுத்து அப்படியே சில்லுன்னு ஊத்தாதீங்க, ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து ரெண்டு கரண்டி வெதுவெதுப்பான பால்ல கட்டி இல்லாம கரைச்சுட்டு ஊத்துங்க.

அளவுக்கு வரேன். வெயில் காலத்துல அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போதும், குளிர்ல நாலு டீஸ்பூன், அதாவது 20 மில்லி. ஏன் நாலுன்னா மேல போட்ட கணக்க பாருங்க, நூத்துல நாலு பங்குல ஆரம்பிச்சா இருபத்தஞ்சு மடங்கு ஆனா போதும், அஞ்சு தடவைக்குள்ள முடிஞ்சிடும், ரெண்டு தடவ மிச்சம். ஆனா மீதி அஞ்சு தடவ ரெட்டிக்க சூடு வேணுமே, அதனால உறைய மட்டும் கூட்டிட்டு பாத்திரத்த மேடைலயே விட்டா பாதி கிணறு தான் தாண்டுவீங்க. சிலர் அரை டம்ளர் மோர ஊத்திடுறாங்க, அதுல இருக்குற ஆசிட்டே பால புளிக்க வெச்சுடும், காலைல புளிப்பும் திரிதிரியாவும் இருக்குமே தவிர கெட்டி இருக்காது.

அடுத்தது பெட்டி. இது தான் முக்கியம். உங்க ஊருல மீன் வண்டிக்காரங்க கிட்ட பழைய தெர்மாகோல் பெட்டி கெடைக்கும், நல்லா கழுவி காய வெச்சுக்கோங்க, நாத்தம் தயிர்ல ஏறும். அதுக்குள்ள தயிர் பாத்திரம், பக்கத்துல ஒரு மூடி போட்ட ஸ்டீல் தூக்குல ஒரு லிட்டர் வெந்நீ, கை பொறுக்காத சூடு, ஒரு 60 டிகிரி. ரெண்டையும் ஒட்டி வைக்காதீங்க, நடுவுல ஒரு துண்ட மடிச்சு வைங்க, இல்லன்னா அந்த பக்கத்து பால் மட்டும் ரொம்ப சூடாயிடும். மேல பழைய போர்வைய போட்டு மூடிடுங்க. 14 டிகிரி அறைல கூட இதுக்குள்ள பால் சூடு ரொம்ப மெதுவா தான் எறங்கும். பெட்டி இல்லன்னா சாதம் வைக்கிற ஹாட்பாக்ஸ வெந்நீ ஊத்தி சூடாக்கி கொட்டிட்டு அதுலயே நேரா பால ஊத்தி உறை ஊத்துங்க, அதையும் கம்பளில சுத்துங்க. அரிசி டின்னுக்குள்ள பொதச்சு வைக்கிறது பாட்டி காலத்து வழி, அரிசி நல்லா சூட்ட பிடிச்சு வைக்கும், ஆனா மார்கழில அரிசியே 14 டிகிரில இருக்கும், அது முதல்ல பால் சூட்ட உறிஞ்சிடும், அதனால போடில அது பலிக்கும் உங்களுக்கு அவ்ளோவா பலிக்காது. விறகடுப்பு இருக்குற வீடுன்னா அடுப்பு அணைஞ்சப்புறம் அதோட ஓரத்து மேடை, அந்த எடத்த அடிச்சுக்க ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு தடவ தண்ணி டம்ளர வெச்சு தெர்மாமீட்டர்ல பாத்துக்கோங்க, சில அடுப்போரம் 50 போகும்.

உறை ஊத்துனப்புறம் தெறந்து தெறந்து பாக்காதீங்க, தூக்கி ஆட்டாதீங்க. வலை பின்னுற நேரத்துல ஒரு தடவ குலுங்குனா ஒடஞ்சது ஒடஞ்சது தான், மறுபடி அந்த அளவுக்கு ஒட்டாது.

இவ்ளோ செஞ்சும் ஒரு நாள் காலைல தண்ணியா இருந்தா கொட்டிடாதீங்க, ஒரு சொட்டு நாக்குல வெச்சு பாருங்க. இனிப்பாவோ சப்புன்னோ இருந்தா ஆசிட் பத்தல, பாக்டீரியா தூங்குது, முன்னாடி சொன்னேன்ல சாகலன்னு. பாத்திரத்த அப்படியே 45 டிகிரி வெந்நீ நெறஞ்ச பெரிய சட்டிக்குள்ள எறக்கி மூடி வைங்க, தண்ணி ஆறுனா மாத்துங்க, மூணு நாலு மணி நேரத்துல மத்தியான சாப்பாட்டுக்கு தயிர் ஆயிடும். லேசா புளிப்பு வந்து தளதளன்னு பாதி உறைஞ்சு நிக்குதுன்னா அதையும் இதே மாதிரி வெந்நீக்குள்ள வைங்க, ஒரு மணி நேரத்துலயே இறுகும், குளிர்ல தளர்ந்து கெடந்த பிடிப்பு சூட்டுல ஒட்டிக்கும். ஆனா நல்ல புளிப்பு வந்தும் தண்ணியா இருந்தா அது சூடு பிரச்சனை இல்ல, பால் சரியா காய்ச்சல, இல்ல குலுங்கிடுச்சு, இல்ல பால்லயே திக்னஸ் இல்ல, அப்ப வேணா உங்க பக்கத்து லயத்துக்காரங்க சொன்னத யோசிங்க. இனிப்பாவே இருந்து வெந்நீல வெச்சும் உறையலன்னா, மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டாங்களான்னு பால்காரர் கிட்ட கேளுங்க, அந்த மருந்து பால்ல வந்தா உறை பாக்டீரியா பெருகாது. நுரை நுரையா காத்து முட்டை வந்து ஒரு மாதிரி கெட்ட வாடை அடிச்சாலோ, கசந்தாலோ, மேல கலர் கலரா பூத்தாலோ யோசிக்காம கொட்டிடுங்க.

கடைசியா அந்த நூல் இழுக்குற கதை. இது உங்க கை சுத்தத்த பத்தினது இல்ல, மாமியார் ஏதாவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. வீட்டு உறைல ஒரே வகை பாக்டீரியா இல்ல, பல வகை சேந்து தான் இருக்கும். சிலதுக்கு 40 டிகிரி பிடிக்கும், சிலதுக்கு 25, 30, அதுல சில வகை 20க்கு கீழயும் மெதுவா வேலை செய்யும், அப்படி குளிர்ல வேலை செய்றதுல சிலது சர்க்கரைல இருந்தே கொழகொழன்னு ஒரு பசைய சுரக்கும். அது தான் அந்த நூல். ஆபத்தானது இல்ல, ஐரோப்பாவுல குளிர் நாட்டுக்காரங்க வேணும்னே இப்படி இழுக்குற தயிர பண்ணி சாப்பிடுறாங்க, நமக்கு தான் சோத்துல பிசைஞ்சா ஒரு மாதிரி இருக்கும். சிக்கல் எங்கன்னா நீங்க மார்கழி பூரா இன்னைக்கு தயிர்ல இருந்து நாளைக்கு உறை எடுக்குறீங்க, ஒவ்வொரு ராத்திரியும் குளிர் பிடிச்ச வகை மட்டும் பெருகி சூடு பிடிச்ச வகை கொறஞ்சுக்கிட்டே வரும், அம்மா வீட்டு உறைன்னு நீங்க நெனச்சிட்டு இருக்குறது ஒரு மாசத்துல வேற உறையா மாறியிருக்கும். பெட்டிக்குள்ள 30 டிகிரில வெக்க ஆரம்பிச்சா இந்த மாற்றம் நின்னுடும், ஆனா ஏற்கனவே இழுக்குற உறைய அது சீக்கிரம் திருத்தாது. அத விட்டுட்டு போடில இருந்து புதுசா ஒரு கரண்டி கொண்டு வாங்க, அது வர்ற வரைக்கும் கடைல விக்கிற சாதா தயிர் ஒரு கப் வாங்கி அதுல இருந்து ஊத்துங்க. உறைக்கு எடுக்குறத எப்பவும் காலைல உறைஞ்ச உடனே நடுவுல இருந்து எடுத்து ஒரு சின்ன டப்பால தனியா ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க, சாயங்காலம் வரைக்கும் வெளிய கெடந்து புளிச்சது வேணாம், ஃப்ரிட்ஜ்லயும் நாலஞ்சு நாளைக்கு மேல வெச்சா மந்தமாயிடும். மிச்ச தயிரையும் நல்லா உறைஞ்சப்புறம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, உறையும்போது குளிர் ஆகாது, உறைஞ்சு முடிச்சப்புறம் அதே குளிர் ரெண்டு மணி நேரத்துல இன்னும் இறுக்கிடும்.